அடியிலிருந்து மேலே

படங்களைச் சொற்களாக்குவது எங்கள் அலுவலகத்தின் வேலை. பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பாடப்புத்தகங்களும் தேர்வுத்தாள்களும் இங்கேதான் தயாராகின்றன. எழுத்தாக இருந்தால் பிரெயிலுக்கோ ஒலிக்கோ மாற்ற இயந்திரம் போதும். படம் வந்துவிட்டால் இயந்திரம் திருதிருவென்று முழிக்கும். அப்போது மனிதர்கள் வேண்டும். பார்த்து எழுத ஒருவர், பார்க்காமல் சரிபார்க்க ஒருவர். பார்த்து எழுதுகிறவர் என் வீட்டுக்காரர். பார்க்காமல் சரிபார்க்கிறவள் நான். அந்த வேலைக்கான தகுதியோடுதான் நான் பிறந்தேன்.

இவர் முன்பு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து என் உயிரை வாங்காமல் இருக்கட்டும் என்று நான்தான் இங்கே இழுத்து வந்தேன். வந்த பிறகு ஆய்வக அமைப்புகளின் படங்கள் எல்லாம் இவர் கைக்குத்தான் போகும். இவர் எழுதியதை என் கணினி எனக்கு வாசித்துக் காட்டும். என் மேசை நிறையக் குடுவை, புனல், வளைந்த குழாய், துளையிட்ட ரப்பர் தக்கை, வாயு ஜாடி என்று கண்ணாடிச் சாமான்கள். இவர் சொற்களைக் கேட்டபடியே நான் கையால் அமைப்பைக் கட்டி முடிக்க வேண்டும். அமிலத்துக்குப் பதில் தண்ணீர், சலவைக்கல்லுக்குப் பதில் கூழாங்கல். இடையில் எங்கேயாவது என் கை தயங்கினால் அந்த வரி சரியில்லை என்று அர்த்தம். திருப்பி அனுப்பிவிடுவேன். வீட்டில் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன, தெரியவா போகிறது?

முதல் வாரத்திலேயே ஒரு பாடம் நடந்தது. "வளைந்த குழாய் ஒன்று தக்கையிலிருந்து வலப்பக்கம் செல்கிறது" என்று தொடங்கியிருந்தார். நான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். தக்கையும் இல்லை, குடுவையும் இல்லை, எங்கே மாட்டுவது?

"அடியிலேருந்து ஆரம்பிங்க," என்றேன். "மேசை மேல என்ன இருக்கு, அதுக்குள்ள என்ன இருக்கு, அதை எது மூடுது, மூடியில எது சொருகியிருக்கு. அப்படியே மேல போங்க. தொங்குறதை முதல்ல சொன்னா நான் என்ன தோரணமா கட்டுறேன்?"

அது இவர் வருவதற்குப் பல வருஷம் முன்பே நான் போட்ட அலுவலக விதி; வீட்டில் கேட்டும் இவருக்கு உறைக்கவில்லை. கூடவே இன்னும் சில விதிகள். படத்தில் இருப்பதை மட்டும் எழுது. இருக்க வேண்டியதை எழுதாதே. பார்த்தால் தெரியாததை எழுதாதே. கடைசியில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "விட்டுப்போனது ஏதாவது இருக்கா?" எழுதியவர் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் பெண், பாப்பா, இந்த விதிகளோடேயே வளர்ந்தவள். பெயருக்கு வேறு பெயர் உண்டு, எங்களுக்குப் பாப்பாதான். சின்ன வயதில் வீட்டுக்கு யார் வந்தாலும் என் காதில் செருப்பிலிருந்து ஆரம்பிப்பாள். "கறுப்புச் செருப்பும்மா, வார் பிஞ்சிருக்கு, கணுக்கால்ல மச்சம்..." மூக்குக்கு வருவதற்குள் வந்தவர் டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். இப்போது வேலை நிமித்தம் தூரத்து ஊரில் தனியாக இருக்கிறாள். தொலைபேசியில் அவள் குரல் எனக்கு வரும். படங்கள் இவருக்கு வரும். இவர் பார்த்து எனக்குச் சொல்வார். எங்கள் குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டுத் தேர்வுத் தாள்கள் வந்த வாரம். தேர்வுத் தாளுக்கு எங்களிடம் தனி முறை உண்டு. பார்த்து எழுதுகிறவருக்குப் படம் மட்டும்தான் போகும், கேள்வி போகாது. கேள்வி தெரிந்தால் கை சும்மா இருக்காது, விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும். கேள்வியும் அவர் எழுதியதும் சேர்ந்து வருவது என்னிடம்தான்.

அன்று வந்தது கார்பன் டை ஆக்சைடு தயாரிக்கும் அமைப்பு. பழகின பாட்டு மாதிரி. இவர் எழுதியிருந்தது இப்படி:

"மேசை மீது இடப்பக்கம் ஒரு கூம்புக் குடுவை. அதன் அடியில் சலவைக்கல் துண்டுகள். அவை மூழ்கும்படி, குடுவையின் பாதி உயரம் வரை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். குடுவையின் வாயை இரு துளைகள் கொண்ட தக்கை மூடியுள்ளது. இடது துளை வழியே ஒரு திசில் புனலின் நீண்ட தண்டு உள்ளே இறங்குகிறது. தண்டின் கீழ்முனை அமிலத்துக்குள் மூழ்கியிருக்கிறது. வலது துளையில் ஒரு போக்குக் குழாய். அதன் உள்முனை தக்கைக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. வெளியே அது மேலெழுந்து, வலப்பக்கம் வளைந்து, மறுபடி கீழே வளைந்து, நிமிர்ந்து நிற்கும் வாயு ஜாடிக்குள் இறங்குகிறது. அதன் முனை ஜாடியின் அடித்தளத்துக்கு அருகில் உள்ளது."

என் கை எங்கும் தயங்கவில்லை. கூழாங்கல்லைப் போட்டேன், தண்ணீரை ஊற்றினேன், தக்கையை அழுத்தினேன், புனல் தண்டை இறக்கினேன். பிறகு ஜாடியை நகர்த்திவிட்டுப் போக்குக் குழாயின் வெளிமுனையில் வாய் வைத்து ஊதினேன். இது என் பழக்கம். புனல் தண்டு திரவத்துக்குள் மூழ்கியிருந்தால், ஊதின காற்று தப்ப வழியில்லாமல் தண்ணீரைத் தண்டுக்குள் மேலே தள்ளும். முனை வெளியே நின்றால் காற்று புனல் வழியே புஸ்ஸென்று வந்து என் கன்னத்தில் படும். பள்ளிக்கூடத்துச் சோதனையிலும் அதேதான்: தண்டு மூழ்காவிட்டால் ஜாடிக்குப் போக வேண்டிய வாயு புனல் வழியே ஓடிவிடும். கன்னத்தில் ஒன்றும் படவில்லை. அமைப்பு நூற்றுக்கு நூறு சரி.

அதற்குப் பிறகு கணினி வாசித்த கேள்வியைக் கேட்டேன். "படத்தில் உள்ள அமைப்பில் ஒரு தவறு உள்ளது. அதைக் கண்டறிந்து, அதனால் ஏற்படும் விளைவைக் கூறுக."

மறுபடி ஓடவிட்டுக் கேட்டேன். மறுபடி அமைப்பை விரலால் தடவினேன். ஜாடி நிமிர்ந்து நிற்கிறது, சரி; இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில்தான் தங்கும். குழாய் ஜாடியின் அடிவரை போகிறது, சரி. உள்முனை அமிலத்தைத் தொடவில்லை, சரி. தவறு எங்கே? இந்த வரிகளை வாசித்து ஒரு குழந்தை "தவறே இல்லை" என்று எழுதினால், அது உண்மையைத்தான் எழுதியிருக்கும். அதற்கு முட்டைதான் கிடைக்கும். கண் தெரிந்த பிள்ளைகள் ஒரு பார்வையில் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள்.

இவர் மேசை அடுத்த அறையில். போய் நின்றேன்.

"அந்தக் குடுவைப் படத்தை இன்னொரு தரம் பாருங்க."

"பாத்துத்தானே எழுதினேன்."

"ஏதோ விட்டுப்போச்சு."

தாள் சரசரத்தது. "எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு. முப்பது வருஷமா பிள்ளைங்களுக்கு வரைஞ்சு காட்டின படம் இது. எனக்குத் தெரியாதா?"

குரல் என் முகத்துக்கு நேராக வரவில்லை, தோளைத் தாண்டிப் போனது. சில மாதமாகவே அப்படித்தான். "யார்கிட்ட பேசுறீங்க, சுவத்துக்கிட்டயா?" என்று வீட்டில்கூடத் திட்டியிருக்கிறேன். அப்போது ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

கேள்வியை நான் சொல்லக்கூடாது, அது விதி. மேலாளரிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கமா மேடம்'. எங்கே கமா விட்டுப்போனாலும் மூக்கு வியர்த்துவிடும். நல்ல மனுஷி. படத்தை வாங்கிப் பார்த்தார்.

"புனல் தண்டு அமிலத்துல மூழ்கலியேம்மா," என்றார். "மேலயே நிக்குது. ரெண்டு விரல் அளவு இடைவெளி பளிச்சுன்னு தெரியுதே. சார் எப்படி இதை விட்டாரு?"

அந்தக் கேள்வி அங்கேயே நிற்கட்டும் என்று முதலில் வேலையை முடித்தோம். கமா மேடம் புது வரியைத் தட்டச்சு செய்து வாசித்தார்: "ஆனால் தண்டின் கீழ்முனை அமிலத்தை எட்டவில்லை."

"'ஆனால்'ஐ எடுங்க மேடம்," என்றேன். "அது விடையைக் கையில குடுக்குது. 'எட்டவில்லை'யும் வேண்டாம். எட்டணும்னு சொல்ற மாதிரி இருக்கு. எங்க நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

கடைசியில் இப்படி நின்றது: "தண்டின் கீழ்முனை, அமிலத்தின் மேல்மட்டத்திலிருந்து இரண்டு விரல் உயரத்தில் உள்ளது." நான் மறுபடி கட்டி, மறுபடி ஊதினேன். காற்று கன்னத்தில் பட்டது. இதுவரை எத்தனையோ முறை அப்படிப் பட்டிருக்கிறது, ஒரு பிழையைப் பிடித்தோம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்று மட்டும் சந்தோஷம் வரவில்லை.

ஏனென்றால் எனக்கு இவரைத் தெரியும். இவருடைய பிழைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி. இடம் வலம் மாற்றுவார். குழாயின் ஒரு வளைவை மறப்பார். ஜாடிக்கு மூடி இருப்பதைச் சொல்லாமல் போவார். பார்த்து எழுதுகிறவர்களின் பிழைகள் அவை. சில மாதமாக அந்தப் பிழைகள் ஒன்றுகூட வரவில்லை. "சார் இப்பல்லாம் என்னமா எழுதுறாரு" என்று கமா மேடமே பாராட்டினார். நானும் பெருமைப்பட்டேன். இப்போதுதான் உறைத்தது. பார்த்து எழுதுகிறவருக்கு இப்படிப் பிழையே இல்லாமல் வராது. மனசுக்குள் இருக்கும் படத்தில்தான் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். பிறகு என் மேசையிலிருந்து ஒரு குடுவையை எடுத்துக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்தேன். தண்ணீர் பாதிக்கு இருந்தது, புனல் தண்டு உயரத்தில் நின்றது.

"கையால தொடாதீங்க. பாத்துச் சொல்லுங்க. தண்டு தண்ணியைத் தொடுதா?"

நாற்காலி கிறீச்சிட்டது. இவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவது சட்டைக் காலரின் சத்தத்தில் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"தொடுது," என்றார்.

நான் குடுவையை என் பக்கம் நகர்த்தினேன். இவருக்கே புரிந்துவிட்டது. பெருமூச்சு விட்டார்.

"நடுவுல ஒரு கறுப்புத் திட்டும்மா," என்றார். "சுத்தி எல்லாம் தெரியுது. கதவு தெரியுது, ஜன்னல் தெரியுது, நீ நிக்கிறது தெரியுது. எதைக் குறிப்பா பாக்கணும்னு நினைக்கிறேனோ அதை மட்டும் மறைச்சிடுது. டாக்டர் இனிமே இது சரியாகாதுன்னுட்டாரு."

"எப்போலேருந்து?"

"கொஞ்ச நாளாச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ யார் கண்ணால பாப்பே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடுவையை எடுத்து வீசியிருக்கலாம். "பொறந்ததுலேருந்து ஒரு கண்ணும் இல்லாமத்தானே உங்களோட குப்பை கொட்டுறேன்! என்கிட்ட வந்து கண்ணுக்கு அழுவுறீங்களா? முதல்ல என்கிட்டதான சொல்லியிருக்கணும்? இந்த ஊர்லயே இதுல கைதேர்ந்தவ நான்தானே?" கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. சாலையைக் கடக்கும்போது இவர் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொள்வதை நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் நான்தான் பிடிப்பேன். வயதானதும் மனுஷனுக்கு ஆசை பொங்குகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறேன். வழியை நான் காட்டிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாமல் போயிற்று.

"இந்த வருஷத் தாள் எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்," என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நீங்க எழுதின ஒவ்வொண்ணையும். என்னென்ன பாக்காம சொன்னீங்கன்னு..."

அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. வேறு ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

கொஞ்ச நாள் முன்னால் பாப்பா ஒரு படம் அனுப்பியிருந்தாள். இவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். "நீலச் சட்டை போட்டிருக்கா. சிரிச்சுக்கிட்டு இருக்கா. பின்னலை முன்னால எடுத்து விட்டிருக்கா, உடம்பும் கொஞ்சம் பூசினாப்பல இருக்கா." நான் வயிறு குளிர்ந்து போனேன். பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பின்னலை அப்படித்தான் தோளுக்கு முன்னால் விட்டுக்கொள்வாள். அதைப் பிடித்து முனைவரை தடவுவது எனக்கு ஒரு பழக்கம். இந்த முறை லீவுக்கு வரவில்லை, வேலை அதிகம் என்றாள். தொலைபேசியில் குரல் கரகரத்தது, ஜலதோஷம் என்றாள். நல்லா சாப்பிடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

"என்னங்க. பாப்பா அனுப்பின படத்துல பின்னல் இருந்துதா?"

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது.

"உங்களைத்தான் கேக்குறேன். பாத்தீங்களா, இல்லையா?"

"நீலம் தெரிஞ்சுது," என்றார். "நம்ம பொண்ணு எப்பவும் அப்படித்தானே இருப்பா..."

"அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க."

என் போனில் படத்தைப் பார்த்துச் சொல்லும் வசதி ஒன்று இருக்கிறது. அதை நான் நம்புவதில்லை. ஒருமுறை வாயு ஜாடியைப் பூச்சாடி என்றது. ஆனாலும் அந்த நேரத்தில் வேறு யார் இருந்தார்கள்? இவர் போனை முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துத் தடுமாறி ஒருவழியாக அனுப்பினார். என் போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில் சொன்னது: "நீல உடை அணிந்த ஒரு ஆண், கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்."

"வேற படத்தை அனுப்பிட்டீங்க," என்றேன்.

"இல்லம்மா. அவ அனுப்பினதுல கடைசிப் படம் இதுதான். அதுக்கப்புறம் அவ எதுவும் அனுப்பல."

நான் மறுபடி அழுத்தினேன். ஒரு ஆண், கட்டிலில். மறுபடி அழுத்தினேன். எத்தனை தடவை கேட்டாலும் அது அதையேதான் சொன்னது. இவர் என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி மேசையில் வைத்தார்.

பாப்பாவைக் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியில் போட்டேன். எடுத்ததும், "என்னம்மா, இந்நேரத்துக்கு ஆபீஸ்லதானே இருப்பே?" என்றாள். அதே கரகரப்பு.

"ஆமா, வேலையாத்தான் இருக்கோம்," என்றேன். "ஒரு படம் சரிபாக்கணும். நீ அப்பாவுக்கு அனுப்பின படம். அதை நீ எனக்குச் சொல்லணும்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் உருண்டு போவது கேட்டது. அவள் அலுவலகத்தில் அந்த மாதிரிச் சக்கரம் இருக்காது.

"அப்பா சொல்லலியாம்மா?"

"நீ சொல்லு. எப்படிச் சொல்லணும்னு உனக்குத் தெரியும்ல? அடியிலேருந்து. இருக்கிறதை மட்டும்."

ஆரம்பித்தாள். குரல் சின்னப் பிள்ளைக் குரல் ஆகிவிட்டது.

"தரையில... ரப்பர் செருப்பு. வெள்ளை. என் அளவு இல்ல, பெரிசு. கால் ரெண்டும் கட்டில்லேருந்து தொங்குது. கணுக்கால் வீங்கியிருக்கு."

"வீங்கியிருக்கு," என்று நான் திருப்பிச் சொன்னேன். சரிபார்க்கும்போது ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்வது எங்கள் வழக்கம். சொன்னால்தான் கை அடுத்ததைத் தேடும். என் கை மேசை மேல் வெறுமனே கிடந்தது.

"நீல அங்கி. ஆஸ்பத்திரியில குடுத்தது. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுற மாதிரி."

"நீல அங்கி."

"மடியில கை ரெண்டும் இருக்கு. இடது கையில ஊசி சொருகி, மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு. மருந்து ஏத்துறதுக்கு." நிறுத்தினாள். "மார்புல ஒரு கட்டிம்மா. படத்துல தெரியாது. எடுத்துட்டாங்க."

பார்த்தால் தெரியாததை எழுதாதே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "ம். மேல போ," என்றேன்.

"கழுத்தெலும்பு தெரியுது. வாய்... சிரிக்கிறேன். ஆனா உதடு வெடிச்சிருக்கு. புருவம் இல்லம்மா. தலையில..."

"சொல்லு பாப்பா."

"தலையில முடி இல்ல. ஒண்ணுகூட."

இவர் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பின்னலின் கனம் என் உள்ளங்கையில் இருந்தது.

"உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியலம்மா," என்று அழ ஆரம்பித்தாள். "அதான் அப்பாவுக்குப் படம் மட்டும் அனுப்பினேன். அப்பா பாத்துட்டு உனக்குப் பக்குவமா சொல்வாருன்னு. அப்பா என்ன பதில் போட்டாரு தெரியுமா? 'அழகா இருக்கேம்மா, எப்பவும் இப்படியே இரு'ன்னு போட்டாரு. எவ்ளோ தைரியம் பாத்தியா? தினம் அதைத்தாம்மா எடுத்து எடுத்துப் படிக்கிறேன். ஊசி போட வரும்போதெல்லாம் அதைத்தான் படிக்கிறேன்."

படத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும், இருக்க வேண்டியதைச் சொல்லக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவள் நான். பாப்பா பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த ஒரு வரியை எப்படிப் பிடுங்குவேன்? இவர் அன்று உன்னைப் பார்க்கவே இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இவர் குனிந்து போனுக்கு அருகில் வந்தார்.

"பாப்பா, அப்பாவுக்குக் கண்ணு போயிட்டு இருக்கும்மா," என்றார். "அன்னிக்கு நான் பாக்கல. நீலம் மட்டும்தான் தெரிஞ்சுது. நீ எப்பவும் எப்படி இருப்பியோ அப்படித்தான் இருப்பேன்னு நெனச்சு எழுதிட்டேன். அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. அது நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இப்ப நீ சொன்னே," என்று இவர் தொடர்ந்தார். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "செருப்புலேருந்து தலைவரைக்கும் சொன்னே. இப்பத்தாம்மா பாத்தேன். இப்ப சொல்றேன், கேளு. அழகா இருக்கே." மேசை மேல் இருந்த குடுவையில் இவர் கை இடித்து, தண்ணீர் என் கை மேல் சிந்தியது.

பாப்பா அழுதாள். இந்த முறை அடக்காமல், ஓவென்று அழுதாள். நானும் இவரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம். என் ஈரக்கையை இவர் பிடித்துக்கொண்டார். நான் உதறவில்லை.

அழுகை ஓய்ந்த பிறகு, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"விட்டுப்போனது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு இருக்கும்மா," என்றாள். "ஆனா அது படத்துல தெரியாது. உன் விதிப்படி சொல்லக்கூடாது."

"சொல்லு."

"ரொம்பப் பயமா இருக்கும்மா."

அந்த மாதிரி வரிகளை இத்தனை வருஷத்தில் எவ்வளவோ அடித்து நீக்கியிருக்கிறேன். இதை அடிக்கவில்லை. "பயமா இருக்கு," என்று திருப்பிச் சொன்னேன். "சேத்துக்கிட்டேன் பாப்பா. நாங்க இப்பவே கிளம்புறோம்."

மேசையைத் துடைக்கவில்லை, குடுவையையும் அலமாரியில் வைக்கவில்லை. படிக்கட்டில் என் முழங்கையை இவர் பக்கம் நீட்டினேன். "பிடிச்சுக்கங்க," என்றேன். இறங்கும்போது ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.